மூடிப்போன ஒரு தளத்தின் பாஸ்வேர்ட் உங்கள் ஷாப்பிங் கணக்கைத் திறந்தது எப்படி?

கேள்வி: "பத்து வருஷத்துக்கு முன்னால் போட்டோ பிரின்ட் போட ஒரு சின்னத் தளத்தில் கணக்கு தொடங்கினேன். அந்தத் தளம் இப்போது மூடியே போய்விட்டது. போன வாரம் என் ஷாப்பிங் கணக்கில் யாரோ நுழைந்து, வாலட்டில் இருந்த 3,400 ரூபாய்க்கு கிஃப்ட் கார்டு வாங்கியிருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே பாஸ்வேர்ட்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 11 எழுத்து, எண், குறி எல்லாம் கலந்தது. யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தளத்துக்கும் இந்தக் கடைக்கும் சம்பந்தமே கிடையாதே, எப்படி?"

அந்த இரண்டு தளங்களையும் கோத்துவிட்டது உங்கள் மின்னஞ்சல் முகவரி. எங்கோ ஓர் இடத்தில் கசிந்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் ஜோடியாக எடுத்து, அதே ஜோடியை வேறு பல தளங்களின் லாகின் பக்கத்தில் ஒரு நிரல் போட்டுப் பார்க்கும். இதற்கு கிரெடென்ஷியல் ஸ்டஃபிங் என்று பெயர். நான் பதினான்கு வருடமாக இணையச் சேவைகளில் லாகின் பகுதியைக் காக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஆனாலும் உங்கள் கணக்கின் பதிவேடுகளைப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். இதே மாதிரி தோற்றம் தரும் வேறு ஒரு வழியும் உண்டு, அதை எப்படிப் பிரித்தறிவது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பாஸ்வேர்ட் எப்படி வெளியே போகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் "11 எழுத்து, கடினமானது" என்ற உங்கள் நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது. ஒழுங்காகக் கட்டிய தளம் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைத்திருக்காது. அதை ஹேஷ் என்ற திரும்பப் பிரிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணாக அரைத்து, அந்த எண்ணை மட்டும் சேமிக்கும். ஆனால் எல்லாத் தளமும் ஒழுங்காகக் கட்டப்பட்டதல்ல. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருடு போனபோது, அத்தனையும் எழுதியது எழுதியபடியே சேமிக்கப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட தளத்தில் நீங்கள் 11 எழுத்து போட்டாலும் 40 எழுத்து போட்டாலும் ஒன்றுதான், திருடன் அதைப் படித்துவிடுவான். லிங்க்ட்இன் நிறுவனத்தில் 2012-இல் நடந்தது இன்னொரு விதம். அங்கே ஹேஷ் இருந்தது, ஆனால் SHA-1 என்ற வேகமான முறையில், சால்ட் சேர்க்காமல். சால்ட் என்பது ஒவ்வொருவர் பாஸ்வேர்டிலும் தனித்தனியாகக் கலக்கும் ஒரு சிறு எழுத்துக்கோவை. அது இல்லையென்றால் ஒரே பாஸ்வேர்ட் வைத்த ஆயிரம் பேருக்கும் ஒரே ஹேஷ்தான் இருக்கும், ஒன்றை உடைத்தால் ஆயிரமும் உடையும். முதலில் 65 லட்சம் ஹேஷ்கள்தான் வெளியே வந்தன. நான்கு வருடம் கழித்து, 2016 மே மாதத்தில், 11 கோடியே 70 லட்சம் மின்னஞ்சல்-பாஸ்வேர்ட் ஜோடிகள் விற்பனைக்கு வந்தன. கசிவு நடந்த நாளுக்கும் அது நம்மைத் தொடும் நாளுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கலாம். உங்கள் பத்து வருடப் பழைய தளத்தை நான் சந்தேகிப்பது இதனால்தான். கம்பெனி மூடிவிட்டாலும் அதன் தரவுத்தளத்தின் நகல் யார் கையிலாவது இருந்துகொண்டே இருக்கும்.

சரி, ஹேஷை எப்படி உடைக்கிறார்கள்? அதைத் திரும்பப் பிரிப்பதில்லை, ஒரு பாஸ்வேர்டை ஊகித்து, அதையும் அதே முறையில் அரைத்து, திருடிய ஹேஷோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். SHA-1 போன்ற முறையில் இன்றைய ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வினாடிக்கு ஆயிரம் கோடிக்கும் மேல் ஊகங்களைச் சோதிக்கும். அப்படியிருந்தும், கண்ணை மூடிக்கொண்டு தட்டியது போன்ற உண்மையான 11 எழுத்துக் கலவை அதற்குத் தாக்குப்பிடிக்கும், கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கான வருடங்கள் வரும். ஆனால் நாம் யாரும் அப்படித் தட்டுவதில்லை. Saravana@85 என்று எழுதுவோம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, குறி, எண் எல்லாம் இதில் உண்டு, 11 எழுத்தும் இருக்கிறது, தளமும் "வலுவானது" என்று பச்சைக் கோடு காட்டும். உடைப்பவனின் நிரல் எழுத்து எழுத்தாகத் தேடுவதில்லை. பெயர்ப் பட்டியல் ஒன்றை எடுக்கும், முதல் எழுத்தைப் பெரிதாக்கும், பின்னால் @ போடும், இரண்டு இலக்கம் சேர்க்கும். இந்த வடிவத்தில் உள்ள பாஸ்வேர்ட் சில நொடியில் விழும். உங்களுடையது எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக் கிடைத்த ஜோடிகள் தனித்தனியாக நிற்பதில்லை. பல கசிவுகளைச் சேர்த்து, ஒரு வரிக்கு ஒரு ஜோடி என்று பெரிய கோப்புகளாகக் கட்டுகிறார்கள். அந்த வட்டாரத்தில் இதை காம்போ லிஸ்ட் என்பார்கள். 2019 ஜனவரியில் 'கலெக்‌ஷன் #1' என்ற பெயரில் வெளியே வந்த ஒரு தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 77 கோடி வெவ்வேறு மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. தனித்தனி பாஸ்வேர்டுகளோ இரண்டு கோடிச் சொச்சம்தான். இந்தக் கோப்பில் உங்கள் பெயர், ஊர், அந்த போட்டோ தளம் எதுவும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வரி போதும்:

```
ungal.mugavari@example.com:Saravana@85
```

இந்தக் கோப்பை வாங்கியவன் உங்களைத் தேடி வருவதில்லை, நீங்கள் யாரென்றே அவனுக்குத் தெரியாது. அவனிடம் ஒரு நிரல் இருக்கும், அதில் குறிப்பிட்ட கடையின் லாகின் பக்கத்துக்கு ஏற்ற அமைப்புக் கோப்பு இருக்கும். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், உள்ளே போனால் என்ன பதில் வரும், தவறினால் என்ன வரும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். பட்டியலைக் கொடுத்துவிட்டு அவன் தூங்கப் போகலாம். காலையில் எழுந்தால் "திறந்தவை" என்று ஒரு தனிக் கோப்பு காத்திருக்கும். துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஆயிரம் ஜோடிக்கு ஒன்றிலிருந்து இருபது வரை திறக்கும் என்பது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம் வரிக்கு ஆயிரம் கணக்குகள் திறக்கும். மீதி 9 லட்சத்து 99 ஆயிரம் தோல்வியைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை, அவற்றுக்கு அவன் செலவழித்தது கொஞ்சம் மின்சாரமும் இணைய வாடகையும்தான்.

"மூன்று தடவை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளுமே" என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பூட்டு, ஒரே கணக்கில் ஆயிரம் பாஸ்வேர்டுகளை முயற்சி செய்பவனுக்காக வைத்தது. இங்கே ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே ஒரு முயற்சி, மிஞ்சினால் இரண்டு. உங்கள் கணக்கில் முதல் முயற்சியே சரியாக விழுந்திருக்கும், தவறான முயற்சியே அங்கே நடந்திருக்காது. கடையின் பார்வையில் நீங்களே வந்து உள்ளே போனது போலத்தான் தெரியும். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஆயிரம் லாகின் வந்தால் தடுக்கலாம் என்றால், அதற்கும் அவர்களிடம் வழி இருக்கிறது. சாதாரண வீடுகளின் பிராட்பேண்ட், செல்போன் இணைப்புகள் வழியாகப் போக்குவரத்தைத் திருப்பிவிடும் வாடகைச் சேவைகள் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் வேறொரு வீட்டிலிருந்து வருவது போல வரும்.

அப்படியானால் தளத்தை நடத்துபவர்களால் எதுவுமே பார்க்க முடியாதா என்றால், முடியும், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சாதாரண நாட்களில் பத்து லாகினுக்கு ஒன்றோ இரண்டோ தோற்கும். மக்கள் மறப்பார்கள், தப்பாகத் தட்டுவார்கள். ஓர் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு அந்த வரைபடம் தலைகீழானது, பத்தில் ஒன்பது தோற்றுக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய அடையாளம் ஒன்று இருந்தது. தோற்ற முயற்சிகளில் முக்கால்வாசி எங்களிடம் கணக்கே இல்லாத மின்னஞ்சல்கள். நம் வாடிக்கையாளர் பாஸ்வேர்டை மறக்கலாம், கணக்கே இல்லாத லட்சம் பேர் ஒரே இரவில் லாகின் செய்ய வர மாட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது எங்கள் பட்டியல் அல்ல, வேறு யாரிடமோ கசிந்த பட்டியல் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் நாங்கள் கவனித்துத் தடுப்பதற்குள் சில நூறு பேர் கணக்கு திறந்துவிட்டது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். பதில் எழுதியவர்களில் பலர் உங்கள் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

திறந்த கணக்கை வைத்து என்ன செய்வார்கள் என்பதற்கு உங்கள் கிஃப்ட் கார்டே பதில். இந்தியாவில் இணையத்தில் கார்டு வழியாகப் பணம் கொடுக்க ஓடிபி போன்ற இரண்டாவது சோதனை வேண்டும், அதனால் உங்கள் வங்கிப் பணத்தை இந்த வழியில் தொடுவது கடினம். ஆனால் ஏற்கனவே வாலட்டில் கிடக்கும் பணம், ரிவார்டு புள்ளிகள் இவற்றை எடுக்கப் பல தளங்களில் லாகின் ஒன்றே போதும். கிஃப்ட் கார்டு என்பது வெறும் எண், பொருள் போல வீட்டு முகவரிக்கு வர வேண்டியதில்லை, உடனே இன்னொருவருக்கு விற்றுவிடலாம்.

ஆனால் பணம் எடுப்பது மட்டுமே இதன் எல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2023-இல் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் நடந்ததை நான் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்வேன். எச்சில் மாதிரியை அனுப்பினால் மரபணுவைப் பரிசோதித்து, உங்கள் முன்னோர் எந்தப் பகுதி, தூரத்து உறவினர் யார் என்று சொல்லும் நிறுவனம் அது. அப்போது ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் வாடிக்கையாளர்கள். அந்த வருடம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஐந்து மாதம், வேறு தளங்களில் கசிந்த ஜோடிகளை ஒருவர் அங்கே போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுவனத்தின் உள்ளமைப்பை அவர் உடைக்க வேண்டியிருக்கவில்லை, முன்வாசல் வழியாகவே, சரியான சாவியோடு போனார். அப்படித் திறந்தவை சுமார் 14,000 கணக்குகள். மொத்தத்தில் ஆயிரத்தில் ஒன்று. இதோடு நின்றிருந்தால் செய்தியில் ஒரு நாள் வந்து போயிருக்கும்.

அந்தத் தளத்தில் 'டிஎன்ஏ ரிலேட்டிவ்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. அதில் சேர்ந்தவர்கள், தங்களோடு மரபணு ஒத்துப்போகும் உறவினர்களின் விவரங்களைப் பார்க்கலாம்: காட்டும் பெயர், என்ன உறவாக இருக்கலாம் என்ற ஊகம், எத்தனை சதவீத மரபணு பொதுவானது, அவர்கள் விரும்பிப் போட்டிருந்தால் ஊரும் பிறந்த வருடமும். ஒருவர் கணக்கைத் திறந்தால் அவருடைய நூற்றுக்கணக்கான உறவினர்களின் பக்கங்களும் திறந்த மாதிரி. 14,000 கணக்குகளிலிருந்து இப்படிக் கிளை பிரிந்து 55 லட்சம் பேரின் டிஎன்ஏ ரிலேட்டிவ்ஸ் விவரங்களும், இன்னும் 14 லட்சம் பேரின் குடும்ப மர விவரங்களும் போயின. ஆக 69 லட்சம் பேர். திறந்த ஒரு கணக்குக்கு ஏறத்தாழ 490 பேர். இந்த 69 லட்சத்தில் தனித்துவமான, நீளமான பாஸ்வேர்ட் வைத்து எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் விவரங்கள் எங்கோ இருக்கும் ஒரு தூரத்து உறவினரின் பழைய பாஸ்வேர்ட் வழியாகப் போயின. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை என்ன செய்வது? திருடியவர் யூத வம்சாவளியினர், சீன வம்சாவளியினர் என்று இனவாரியாகப் பட்டியல் பிரித்து விற்பனைக்கு வைத்தார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

யார் தவறு என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. பழைய பாஸ்வேர்டையே திரும்பப் பயன்படுத்திய பயனர்கள்தான் அலட்சியமாக இருந்தார்கள் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கடிதமே எழுதினார்கள். நான் அதை ஏற்கவில்லை. பயனர்கள் பாஸ்வேர்டை மறுபடி பயன்படுத்துவார்கள் என்பது 2023-இல் இந்தத் துறையில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. லாகினில் இரண்டாவது சோதனை ஒன்றைக் கட்டாயமாக்கியிருந்தால் அந்த 14,000 கணக்குகளில் மிகப் பெரும்பாலானவை திறந்திருக்காது. நிறுவனம் அதைக் கட்டாயமாக்கியது சம்பவத்துக்குப் பிறகு, நவம்பரில்தான். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025 ஜூனில் 23 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தபோது சொன்ன முக்கியக் குறைகளில் இதுவும் ஒன்று.

இனி உங்கள் விஷயம். இதே விளைவைத் தரக்கூடிய இன்னொரு வழி, உங்கள் கணினியிலோ போனிலோ புகுந்த திருட்டு மென்பொருள். அது பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். இரண்டையும் பிரிக்க நான் கேட்கும் முதல் கேள்வி இது: திறந்தவை எல்லாம் ஒரே பாஸ்வேர்ட் உள்ள கணக்குகள்தானா? ஆம் என்றால் கசிந்த ஜோடியைத்தான் நான் சந்தேகிப்பேன். வெவ்வேறு பாஸ்வேர்ட் உள்ள கணக்குகளும் அதே வாரத்தில் திறந்திருந்தால் கருவியில்தான் கோளாறு. அப்போது கருவியைச் சுத்தம் செய்யாமல் அதிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்ட் மாற்றினால், புதியதும் அவர்களிடமே போகும். நீங்கள் சொன்னதில் ஒரு கணக்குதான் இருக்கிறது. அதே பாஸ்வேர்ட் வைத்த மற்ற கணக்குகளின் லாகின் வரலாற்றையும் பாருங்கள்.

haveibeenpwned.com என்ற தளத்தில் உங்கள் மின்னஞ்சலைப் போட்டால், தெரியவந்த கசிவுகளில் எவற்றில் அது இருக்கிறது என்று காட்டும். டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர் 2013-இலிருந்து நடத்துவது. அங்கே இல்லை என்றால் கசியவில்லை என்று பொருளல்ல, வெளியே தெரியவந்த கசிவுகள் மட்டுமே அங்கே சேரும். அதே தளத்தில் பாஸ்வேர்டையும் சோதிக்கலாம். "என் பாஸ்வேர்டை இன்னொரு தளத்தில் தட்டுவதா?" என்று தயங்குவது சரியான தயக்கம், அதனால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். password என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் SHA-1 ஹேஷ் இது:

```
5BAA61E4C9B93F3F0682250B6CF8331B7EE68FD8
```

உங்கள் பிரவுசர் இந்த ஹேஷை உங்கள் கருவியிலேயே கணக்கிட்டு, முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்பும்:

```
https://api.pwnedpasswords.com/range/5BAA6
```

அந்த ஐந்து எழுத்தில் தொடங்கும், கசிந்த பாஸ்வேர்டுகள் அத்தனையின் மிச்ச ஹேஷும் நூற்றுக்கணக்கில் திரும்பி வரும். அதில் உங்களுடைய மிச்சப் பகுதி இருக்கிறதா என்று உங்கள் கருவிதான் தேடிப் பார்க்கும். அந்த நூற்றுக்கணக்கில் நீங்கள் எதைத் தேடினீர்கள் என்று சர்வருக்குத் தெரியாது. உங்கள் 11 எழுத்து அங்கே கிடைத்தால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

மாற்ற வேண்டிய வரிசை முக்கியம். ஷாப்பிங் கணக்கை மாற்றும் முன் மின்னஞ்சலை மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" இணைப்பும் அங்கேதான் வரும். மின்னஞ்சலிலும் அதே பாஸ்வேர்ட் இருந்திருந்தால், உங்களுக்குத் தெரியாத முகவரிக்குக் கடிதங்கள் தானாகப் போகும்படி யாராவது அமைத்து வைத்திருக்கிறார்களா என்று அமைப்புகளில் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பின்னும் அந்த அமைப்பு அப்படியே இருக்கும், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அப்புறம் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். இரண்டாவது சோதனை இருக்கும் இடத்திலெல்லாம் அதை இயக்குங்கள்.

Saravana@85 என்பதை Saravana@86 ஆக்குவது மாற்றமே அல்ல. கசிந்த ஒன்றைக் கொடுத்தால் கடைசி எண்ணைக் கூட்டி, குறியை மாற்றி, தளத்தின் பெயரை ஒட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் தொடர்பே இல்லாத ஒன்று வேண்டும், அதை மனதில் வைக்க யாராலும் முடியாது, அதனால் பாஸ்வேர்ட் மேனேஜரிடம் விட்டுவிடுங்கள். காகித நோட்டில் எழுதி வீட்டு அலமாரியில் வைப்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். காம்போ லிஸ்ட் வைத்திருப்பவன் உங்கள் அலமாரிக்கு வர முடியாது. என் அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது நோட்டுதான்.

3,400 ரூபாயைப் பொறுத்தவரை, இன்றைக்கே கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி அந்த ஆர்டர் எண்ணைக் கொடுத்து, கிஃப்ட் கார்டை முடக்கச் சொல்லுங்கள். வாங்கியவர் இன்னும் பயன்படுத்தாமல் இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் ஆகிவிட்டதால் அந்த வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் கேளுங்கள். அந்த ஆர்டர் போன நேரத்தில் லாகின் எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தக் கருவியிலிருந்து வந்தது என்றும் கேட்டு வாங்கி வையுங்கள். 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் கொடுக்கும்போது ஆர்டர் எண்ணோடு அந்த விவரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.